"அவர் இன்னும் வரவில்லையா?" என்று பாட்டி கேட்கும்போது: கேள்வி பதில்

மறதி நோயுள்ள முதியவர்களைப் பராமரிக்கும் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், அவர்களிடம் பேசுவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒரு பேத்தி: பாட்டிக்கு அல்சைமர் நோய். தாத்தா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் தினமும் மாலையில் "அவர் இன்னும் வரவில்லையா?" என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அழுகிறார், சற்று நேரத்தில் மறுபடியும் கேட்கிறார். நான் என்னதான் சொல்வது?

புதிய செய்தியை நினைவில் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை இந்நோய் தொடக்கத்திலேயே தாக்கிவிடுவதால், நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் பாட்டிக்கு அது ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த சாவுச் செய்திதான். செய்தி மறந்துபோகிறது, ஆனால் அது தந்த துக்கம் உடனே போய்விடுவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டிப் பார்த்தார்கள். பார்த்ததை மறந்த பின்னும் அவர்களிடம் சோகம் நீடித்தது என்று 2014இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. செய்தி மறந்த பிறகும் பாட்டி காரணம் தெரியாமல் கலங்கியிருந்தால், அது இதனால் இருக்கலாம்.

ஆகவே "வருவாரா, மாட்டாரா" என்பதற்குப் பதில் சொல்லாமல், அந்தக் கேள்விக்குள் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து பேசாமல் எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து, "நான் உங்கள் பேத்தி" என்று உங்கள் பெயரையும் சொல்லித் தொடங்குங்கள். என் பராமரிப்பில் இருந்த ஒரு பாட்டியிடம் பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும். "அவரைத் தேடுகிறீர்களா பாட்டி?" "நேரமாகிவிட்டதே, இருட்டப்போகிறது." "நேரமானால் உங்களுக்குக் கவலையாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் என்ன செய்வார்?" இந்த இடத்தில் அவர் வெகு நேரம் பேசாமல் இருப்பார். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை நானும் வாய் திறக்க மாட்டேன், ஏனென்றால் இடையில் மறு கேள்வி கேட்டால் முதல் கேள்வி அவருக்குத் தொலைந்துவிடும். பிறகு, "ரேடியோவைப் போடுவார், தெருவுக்கே கேட்கும்" என்பார். "நீங்கள் திட்டுவீர்களா?" "திட்டாமல்?" என்று சிரிப்பார். சிரித்த பின்புதான் மடிக்க வேண்டிய துண்டுகளை அவர் மடியில் வைப்பேன்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. கவலையைக் காதில் வாங்காமல், "சரி, டிவி பார்க்கலாம் வாருங்கள்" என்று எடுத்த எடுப்பிலேயே திசை திருப்பினால், அதே கேள்வி இன்னும் பதற்றத்தோடு திரும்பி வரும். பேச்சு பலிக்கிறதா என்பதைச் சொற்களில் தேடாமல் அவர் கைகளைப் பாருங்கள். புடவைத் தலைப்பைத் திருகுவது நின்றதா, பார்வை வாசலை விட்டு உங்கள் பக்கம் வந்ததா என்பதே அளவு. தினமும் ஒரே நேரத்தில் கேட்கிறார் என்றால், அதற்கு அரை மணி முன்பே விளக்குகளைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, கழிப்பறைக்கும் அழைத்துச் சென்று வாருங்கள். உடலின் அவஸ்தை பல சமயம் இந்தக் கேள்வியாகத்தான் வெளிப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை: ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று நிலை மோசமானால் அது வழக்கமான மறதி அல்ல, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓர் ஐயா: நினைவூட்டிக்கொண்டே இருந்தால்தானே மூளை பழகும்? நான் என் தாயாரிடம் தினமும் "இன்று என்ன கிழமை? நான் யார்?" என்று கேட்டுப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் வழி பொய்யை வளர்ப்பதாகாதா?

நீங்கள் சொல்வதில் பாதி சரி, ஐயா. நாள், இடம், பெயர் ஆகியவற்றை எடுத்துச் சொல்லும் முறை அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் தொடங்கியது, நோயின் தொடக்க நிலையில் அதனால் ஓரளவு பயனும் உண்டு. ஆனால் சொல்வது வேறு, கேட்பது வேறு. "இன்று வியாழன், மதியம் அத்தை வருகிறார்" என்று நீங்களே சொல்லிவிட்டால் அவருக்குப் பிடிமானம் கிடைக்கும். "இன்று என்ன கிழமை?" என்பது தேர்வு, அதில் அவர் தினமும் தோற்கிறார். "நான் யார்?" என்ற கேள்வியை எந்த நிலையிலும் கேட்காதீர்கள். அவர் உணர்வை ஏற்றுக்கொண்டு பேசுவது பொய்யும் ஆகாது, மேலே உள்ள உரையாடலில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

ஒரு மாணவர்: தாத்தாவுக்கு நினைவு திரும்ப என்ன மாத்திரை கொடுக்கலாம்?

அதை அவருக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

ஒரு பேரன்: எங்கள் வீட்டில் வேறு கதை. பணத்தை என் அப்பா திருடிவிட்டார் என்கிறார் தாத்தா. அப்பா மனமுடைந்துபோயிருக்கிறார்.

அப்பாவுக்காக வாதாடாதீர்கள், வாதாடினால் நீங்களும் கூட்டாளியாகிவிடுவீர்கள். "பணத்தைக் காணோம் என்றால் பதறத்தானே செய்யும், சேர்ந்து தேடுவோம் தாத்தா" என்று எழுந்துவிடுங்கள். அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பணம் அவர் கையிலேயே அகப்படும்படி செய்யுங்கள். உண்மையிலேயே யாரும் எடுக்கவில்லை என்பதை மட்டும் ஒருமுறை தனியாக உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மறதிக்காரர் சொல்கிறார் என்பதாலேயே அது பொய்யாகிவிடாது.

இன்னொரு பேத்தி: பாட்டி தன் அம்மாவைக் கேட்கிறார். அம்மா இல்லை என்று சொல்லலாமா?

முதல் பதிலில் தாத்தா இருக்கும் இடத்தில் அம்மாவை வைத்துப் படியுங்கள்.

வேறொருவர்: ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன செய்வது?

முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால், பதிலைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எதிரே வையுங்கள்.

ஒரு பேரன்: நேற்று முதல் தாத்தா சுவரில் பூச்சி ஓடுகிறது என்கிறார். போன வாரம் வரை நன்றாகப் பேசினார். எப்படிப் பேச வேண்டும்?

பேசும் முறையைப் பிறகு பார்க்கலாம், இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. அதைத்தான் மேலேயே எழுதியிருந்தேன்.

ஒரு மருமகள்: இவ்வளவு சுற்றுவானேன்? "மாமா வெளியூர் போயிருக்கிறார்" என்பேன், அத்தை நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

முன்பு கேட்ட ஐயா: பாருங்கள், பொய்யில்தான் வந்து நிற்கிறது. பதில் சொல்லாமல் நழுவுவதும் பொய்யின் தம்பிதான்!

அம்மா, பதற்றம் தணியாத ஓர் இரவில் அப்படிச் சொல்பவரை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அதை வழக்கமாக்கினால், வீட்டில் வேறொருவர் வேறு கதை சொல்லும் நாளில் அத்தை பிடித்துக்கொள்வார். விவரம் மறந்தாலும் உங்கள் மேல் சந்தேகம் தங்கிவிடக்கூடும். ஐயா, நழுவுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். "அவர் செத்துப்போய்விட்டாரா? மறைக்காமல் சொல்" என்று முகம் பார்த்து நேராகக் கேட்டால், உண்மையைச் சுருக்கமாகச் சொல்லி, அழுது முடியும் வரை உடன் இருக்க வேண்டும்.

அதே ஐயா: அன்று மாலையே அதே கேள்வியை நேராகக் கேட்டால்? அப்போதும் உண்மையா?

இதில் எங்கள் பிரிவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. மறுபடியும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்போர் உண்டு. நான் முதலில், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்பேன். "போய்விட்டார் போலத்தான் இருக்கிறது" என்றால் ஆமாம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வேன். "வேலைக்குப் போயிருப்பார்" என்றால், அதை மறுக்காமல் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்பேன்.