ஸ்விட்ச்சை மாற்றினால் கவுண்டர் தானாக ஏறுவது ஏன்?

"இரண்டு சென்சாரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எண்ணும் சர்க்யூட் செய்தேன். A ஸ்விட்ச், B, C சென்சார்கள், F = A·B + A'·C. பொருள் எதுவும் கடக்காதபோது B, C இரண்டும் 1. அப்போது A-ஐ மாற்றினால் 74HC161 கவுண்டரில் சில சமயம் ஒரு எண் கூடுகிறது. 74HC08 போலி என்கிறார் கடைக்காரர், F-இல் 104 கெப்பாசிட்டரும் போடச் சொல்கிறார். செய்யலாமா?"

வேண்டாம். ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. குறை உங்கள் சமன்பாட்டில் இருக்கிறது. புது ஐசி வாங்காமலே அதைச் சரிசெய்யலாம்.

A 1-லிருந்து 0-க்கு இறங்கும்போது A·B உடனே 0 ஆகிவிடும். A' மட்டும் இன்வெர்ட்டரைத் தாண்டி வர வேண்டும். 5 வோல்ட்டில் 74HC04-க்கு அதற்கு ஏறத்தாழ 7, 8 நானோ செகண்ட் பிடிக்கும். அந்த இடைவெளியில் இரண்டு ஆண்ட் கேட்டுமே 0. 1-ஆகவே நிற்க வேண்டிய F ஒரு கணம் விழுந்து எழுகிறது. இதுதான் ஸ்டாட்டிக் ஹசார்ட். எழும் விளிம்பைக் கண்டதும் கவுண்டர் எண்ணிவிடுகிறது. துடிப்பு மிகக் குறுகியது என்பதால் சில நேரம் பிடிபடும், சில நேரம் தப்பும். CD4026 போன்ற மெதுவான கவுண்டர் போட்டவருக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது.

கே-மேப்பில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ABC வரிசையில் உங்கள் 1-கள் 110, 111, 001, 011. முதல் இரண்டும் A·B வட்டத்துக்குள், பின் இரண்டும் A'·C வட்டத்துக்குள் இருக்கின்றன. இப்போது 111-ஐயும் 011-ஐயும் பாருங்கள்: பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள், ஆனால் இரண்டையும் சேர்த்து மூடும் வட்டம் இல்லை. அப்படி எங்கே இருந்தாலும் அங்கே கிளிட்ச் வரலாம். அந்த இரண்டையும் ஒரே வட்டத்தில் போட்டால் கிடைப்பது B·C.

```
F = A·B + A'·C + B·C
```

B, C இரண்டும் 1-ஆக இருக்கும்வரை மூன்றாவது உறுப்பு 1-ஆகவே நிற்கும். A என்ன ஆட்டம் ஆடினாலும் F அசையாது. ஸ்விட்ச் தொடர்பு துள்ளினாலும் கவலையில்லை.

தேர்வில் B·C எழுதினால் "தேவையற்ற உறுப்பு" என்று மதிப்பெண் குறைக்கிறார்கள். சுருக்குவது ஒன்றே குறி என்று பயிற்றுவித்துவிட்டு, ஓடாத சர்க்யூட்டோடு மாணவரைக் கடைக்கு அனுப்புகிறது இந்தப் பாடமுறை. சாஃப்ட்வேரும் அப்படித்தான்: இதே சமன்பாட்டை வெரிலாக்கில் எழுதினால் சுருக்கும் கருவி B·C-ஐச் சத்தமில்லாமல் நீக்கிவிடும்.

இணைப்பு இதுதான். 74HC08-இலும் 74HC32-இலும் முதல் கேட்டுகளைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று கொள்கிறேன். 74HC08-இன் 9-ஆம் காலில் B, 10-இல் C. வெளியீடு 8-ஐ 74HC32-இன் 5-ஆம் காலுக்குக் கொண்டு போங்கள். பழைய F, அதாவது 74HC32-இன் 3-ஆம் கால், 4-க்குப் போகட்டும். புது F 6-ஆம் காலில் கிடைக்கும். கவுண்டரின் கிளாக்கை அங்கே மாற்றுங்கள். ஆர் கேட் இரண்டு அடுக்காவதால் புதிய ஹசார்ட் வராது.

சோதிக்க, B, C இரண்டையும் 5 வோல்ட்டில் கட்டி, ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு A-க்கு 0–5 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுங்கள். 10 நொடியில் A 10,000 முறை இறங்கும். கவுண்டர் ஒன்றுகூட ஏறக்கூடாது. 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலாஸ்கோப்பை நம்ப வேண்டாம், இத்தனை குறுகிய துடிப்பை அது மழுக்கிவிடும். பழைய சர்க்யூட்டில் A' பாதையில் இன்னும் இரண்டு இன்வெர்ட்டரைத் தொடராகச் சேர்த்தால் கிளிட்ச் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமாகித் தெளிவாகத் தெரியும். B·C சேர்த்த பிறகு அதே தாமதத்தோடும் வரக்கூடாது.

அந்த 104-ஐப் பற்றி. கேட்டின் வெளியீட்டுத் தடை 50 ஓம் என்று வைத்தாலும் 0.1 மைக்ரோ ஃபாரட் விளிம்பை ஏறத்தாழ 11 மைக்ரோ செகண்டுக்கு இழுத்துவிடும். 74HC உள்ளீடு 4.5 வோல்ட்டில் தாங்குவது 500 நானோ செகண்ட்தான். மெதுவாக ஏறும் கிளாக் சிறு இரைச்சலிலேயே இரண்டு முறை எண்ணும். பிறகு "கவுண்டரும் போலி" என்று இன்னொன்றை விற்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் B·C உதவாது. இதை நன்றாகக் கவனியுங்கள். C சென்சாரின் முன் பொருள் நிற்கும்போது C = 0, B = 1. அப்போது A 0-லிருந்து 1-க்குப் போனால் F உண்மையாகவே 0-லிருந்து 1-க்கு ஏறுகிறது. இது கிளிட்ச் இல்லை, நீங்கள் எழுதிய சமன்பாடு சொல்வதே அது. கவுண்டர் எண்ணத்தான் செய்யும். A-யும் C-யும் ஒரே நேரத்தில் மாறினாலும் இதே கதிதான், எத்தனை உறுப்பு சேர்த்தாலும் தீராது. அப்படி மாற்ற வேண்டியிருந்தால் F-ஐக் கிளாக்காகப் பயன்படுத்தாதீர்கள். நிலையான ஒரு கிளாக்கைக் கவுண்டருக்குக் கொடுத்து, F-ஐ அதே கிளாக்கில் இயங்கும் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியே எடுங்கள். மூன்றாவது ஒன்றில் முந்தைய நிலையை வைத்து, "முன்பு 0, இப்போது 1" என்ற நிலையைக் கவுண்டரின் எனேபிளுக்குக் கொடுங்கள். A மாறியதும் சில கிளாக்குக்கு அந்த எனேபிளை மூடி வையுங்கள்.