ஆண்டுக் கணக்கை மூடும் முன் சப்ளையரிடம் நிலுவை உறுதி: கேள்வி பதில்

உட்லண்ட்ஸ், கணக்கர்: டிசம்பர் 31 நிலுவைக்கான உறுதிக் கடிதத்தில் நம் புத்தகத்தில் உள்ள தொகையை எழுதி அனுப்பலாமா?

எழுத வேண்டாம். தொகையைக் கண்டதும் பல கடைகளில் பார்க்காமலே கையெழுத்திட்டு முத்திரை குத்திவிடுவார்கள். "31 டிசம்பர் அன்று நாங்கள் உங்களுக்குத் தர வேண்டிய தொகை" என்று எழுதி, எண்ணுக்குரிய இடத்தைக் காலியாக விடுங்கள். இன்வாய்ஸ் வாரியான ஸ்டேட்மெண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். கொடுக்க வேண்டிய கடனில் ஆபத்தே பதிவில் ஏறாமல் போனதுதான். அதை சப்ளையர் தன் ஏட்டைப் பார்த்து எழுதினால்தான் பிடிக்க முடியும்.

தேக்கா, மளிகை மொத்த வியாபாரி: பெரிய நிலுவை உள்ள பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பினால் போதாதா?

நிலுவையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆண்டு முழுவதும் வாங்கிய அளவைப் பாருங்கள். மாதந்தோறும் அரிசி இறக்கும் சப்ளையரின் கணக்கு உங்கள் ஏட்டில் பூஜ்யமாக நின்றால், முதல் கடிதம் அவருக்குத்தான் போக வேண்டும்.

ஜூரோங், வன்பொருள் கடை: சப்ளையர் 48,260 வெள்ளி என்கிறார், நம் ஏட்டில் 41,720. ஆடிட்டர் வருவதற்குள் அவர் எண்ணுக்கு மாற்றிவிடவா?

எண்ணை மாற்றாதீர்கள். நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்து வித்தியாசமான 6,540 வெள்ளியைப் பிரித்துப் பார்த்தேன்.

டிசம்பர் 30 அன்று இறங்கிய சரக்கின் டெலிவரி ஆர்டரில் உங்கள் கிடங்கு ஊழியரின் கையெழுத்து இருக்கிறது. இன்வாய்ஸ் மட்டும் ஜனவரியில் கைக்கு வந்ததால் பதிவாகவில்லை. 4,000 வெள்ளியும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி 360 வெள்ளியும் சேர்த்து 4,360. சரக்கு உங்களிடம் வந்துவிட்டதால் இந்தக் கடன் டிசம்பருக்கே உரியது, ஏட்டில் ஏற்றுங்கள். ஆண்டு இறுதி சரக்கிருப்பில் அந்தச் சரக்கை எண்ணியிருந்தும் கடனை விட்டிருந்தால் லாபம் பொய்யாகக் கூடியிருக்கும்.

திருப்பி அனுப்பிய பொருளுக்கு அவர் கொடுத்த கிரெடிட் நோட் 545 வெள்ளி. அதையும் நீங்கள் பதியவில்லை. ஆக 41,720உடன் 4,360ஐக் கூட்டி 545ஐக் கழித்தால் 45,535.

மீதி, டிசம்பர் 31 அன்று நீங்கள் அனுப்பிய 2,725 வெள்ளி. அவர் ஜனவரி 2 அன்றுதான் பதிந்திருக்கிறார். இது வெறும் நாள் வித்தியாசம், உங்கள் ஏட்டில் எதையும் தொட வேண்டாம். அவருடைய 48,260இல் 2,725 போனால் அதே 45,535. இந்தத் தாளைக் கோப்பில் வையுங்கள்; ஆடிட்டர் கேட்பது இதைத்தான்.

பிடோக், பகுதிநேரக் கணக்கர்: சப்ளையரின் மாத ஸ்டேட்மெண்டே போதும், தனிக் கடிதம் வீண் வேலை.

பாதி சரி. உங்கள் கணக்கைச் சரிபார்த்து மூட ஸ்டேட்மெண்ட் நல்ல ஆதாரம். சிறிய நிறுவனமாகத் தணிக்கை விலக்கு பெற்றிருந்தால் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அது உங்கள் கைவழியாக வருகிறது. ஆடிட்டர் உறுதி கேட்டால், கடிதத்தை அவரே அனுப்ப வேண்டும், பதிலும் நேராக அவருக்கே போக வேண்டும். நீங்கள் தயாரித்துக் கையெழுத்திட்டுக் கொடுப்பதோடு சரி.

பிடோக், அதே கணக்கர்: மின்னஞ்சலில் வந்த பதிலை நம்பலாமா?

முகவரியைப் பழைய இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். பதிலோடு "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வந்தால், பழைய எண்ணில் சப்ளையரை அழைத்துக் கேட்கும்வரை ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

ஈசூன்: வங்கி நிலுவைக்கும் இதே கடிதம்தானா?

இல்லை, அது தனி. ஆடிட்டரிடம் கேளுங்கள்.

செங்காங்: தொகையை நாமே நிரப்பினால் பதில் சீக்கிரம் வருமே?

வரும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். முதல் பதிலைப் படியுங்கள்.

மரின் பரேட்: மூன்று வாரமாகியும் பதில் இல்லை.

ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு காத்திருக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் அவருக்குச் செலுத்தியவற்றை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் இறங்கிய சரக்குக்கு என்று டெலிவரி ஆர்டரோடு பாருங்கள். டிசம்பர் சரக்கு அங்கே அகப்படும்.

துவாஸ், பட்டறை உரிமையாளர்: தகராறில் நிற்கும் 5 ஆண்டுப் பழைய கடன் ஒன்று உண்டு. கடிதம் அனுப்பினால் அதற்கு மறுபடி உயிர் வந்துவிடும் என்கிறார்கள்.

பயத்தில் நியாயம் உண்டு. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர சிங்கப்பூரில் காலவரையறை 6 ஆண்டுகள். கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட எழுத்து, அந்த 6 ஆண்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கி வைக்கலாம்.

பிடோக் கணக்கர்: தொகை எழுதாத கடிதம்தானே, அதில் ஒப்புதல் எங்கே?

தொகை இல்லாமலும் "தர வேண்டியது இருக்கிறது" என்ற பொருள் வரலாம் என்பது என் கருத்து.

துவாஸ், பட்டறை உரிமையாளர்: அப்படியானால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவா?

ஆடிட்டரிடமிருந்து மறைக்காதீர்கள். தகராறு என்று சொல்லுங்கள். கடித வாசகத்தை வழக்கறிஞர் பார்த்த பிறகு அது போகட்டும்.