கோட்டாவா, நாமக்கல்லா, குடியாத்தமா?

போன ஜூன் மாதம் நீட் முடிவு வந்த வாரத்தில், குடியாத்தத்திலிருந்து ஒருவர் தன் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு சத்துவாச்சாரியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். லுங்கித் தறி வைத்திருக்கிறார். பெரியவள் பிளஸ் டூ முடித்து நீட்டில் 318 எடுத்திருந்தாள். சின்னவள் பத்தாவது முடித்திருந்தாள். இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவர்கள்.

"மேடம், ரெண்டு பேரையும் ஒரே ஊர்ல சேர்த்துடலாம்னு இருக்கேன். பெரியவளுக்கு ரிப்பீட்டர் பேட்ச், சின்னவளுக்கு பிளஸ் ஒன்னோட சேர்த்து கோச்சிங். ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னா ஃபீஸ்ல குறைச்சுக்கிறாங்களாம். நாமக்கல்லா, இல்ல கடன் வாங்கி கோட்டாவுக்கே அனுப்பிடவா?"

நாடு முழுவதிலிருந்தும் சிஎம்சி வாசலுக்கு ஆட்கள் வரும் ஊர் வேலூர். இங்கிருந்து டாக்டர் சீட்டுக்காகப் பிள்ளையை ராஜஸ்தானில் இருக்கும் கோட்டாவுக்கு அனுப்பலாமா என்று மாதத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஆனால் இவருடைய கேள்வியில் ஒரு சிக்கல் இருந்தது. பெரியவளுக்குச் சரியாக இருக்கும் முடிவு சின்னவளுக்குப் பெரிய நஷ்டமாகிவிடும்.

சின்னவளிடமிருந்தே தொடங்கினேன். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் சட்டமாக வந்தது. இவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல். அதில் கடைசியாக இடம் கிடைப்பவரின் மதிப்பெண், பொதுப் பட்டியலில் கடைசியாக இடம் பிடிப்பவரின் மதிப்பெண்ணைவிட நன்றாகக் குறைவாகத்தான் இருந்து வருகிறது. இடம் கிடைத்துவிட்டால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தறி ஓட்டும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இங்கே 'ஆறு முதல் பன்னிரண்டு வரை' என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெண் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல்லில் ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில் சேர்ந்தால், அந்த ஒதுக்கீடு அன்றோடு போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் அதே கதைதான். பெயரில் 'அரசு' இருக்கிறதே என்று அதில் ஏமாறுகிறவர்கள் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் சலுகை இருக்கிறது. மற்றபடி இரண்டு வருடம் வெளியே போய்விட்டால், முன்னால் படித்த ஐந்து வருடம் கணக்கில் வராது. ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு வகுப்பும் எங்கே படித்தாள் என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழ் கேட்பார்கள்.

கோட்டா என்றால் இன்னும் ஒரு முடிச்சு விழும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்கள் மாநில ஒதுக்கீட்டுக்கு இருப்பிடச் சான்று வைக்கத் தேவையில்லை. இடையில் ஒரு வகுப்பை வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் இருப்பிடச் சான்று, பெற்றோரின் ஆவணங்கள் எல்லாம் வைத்து நாம் தமிழ்நாட்டுக்காரர்கள்தான் என்று காட்ட வேண்டும். மாநிலத்தில் 85 சதவீத அரசு இடங்கள் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன என்பதால், இதில் ஒரு தாள் குறைந்தாலும் கலந்தாய்வு நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓட வேண்டிவரும்.

அப்புறம் 'டம்மி ஸ்கூல்'. கோச்சிங் நகரங்களில் பெயருக்கு ஒரு பள்ளியில் பதிவு செய்துவிட்டு, நாள் முழுக்க கோச்சிங்கில் உட்காரவைக்கும் வழக்கம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் சிபிஎஸ்இ டெல்லியிலும் ராஜஸ்தானிலும் திடீர் சோதனை நடத்தி, நவம்பரில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. 'ஸ்கூல் வெறும் ஃபார்மாலிட்டிதான்' என்று உங்களிடம் யாராவது சொன்னால், அந்தப் பள்ளியின் அங்கீகாரம் போனால் பிள்ளை எங்கே தேர்வு எழுதுவாள் என்று கேளுங்கள்.

சின்னவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: குடியாத்தத்திலேயே, அதே பள்ளியில், பயாலஜி குரூப். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் இலவச நீட் வகுப்பு எங்கே நடக்கிறது என்று தலைமையாசிரியையிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். போதவில்லை என்றால் சாயங்காலம் இயற்பியலுக்கு மட்டும் ஒரு டியூஷன். பிளஸ் டூ முடித்த பிறகு அவள் எந்த ஊருக்குப் போய்ப் படித்தாலும் 7.5 சதவீதம் அவளோடு வரும். ஏனென்றால் பன்னிரண்டாவது முடிந்துவிட்டது. ரிப்பீட்டர் வருடத்தை யாரும் பள்ளிப் படிப்பாக எண்ணுவதில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. சின்னவள் முகத்தில்தான் நிம்மதி தெரிந்தது. அவளுக்கு ஊரை விட்டுப் போக மனமில்லை என்பது எனக்கு வந்ததுமே தெரிந்திருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

பெரியவள் விஷயம் வேறு. அவள் ஊர் மாறலாம், மாறினால் நல்லதும்கூட. ஆனால் எதற்காக மாறுகிறாள் என்று தெரிய வேண்டும். அதற்கு 318 என்ற எண் பயன்படாது. நீட்டில் மொத்தம் 180 கேள்விகள். உயிரியல் 90, வேதியியல் 45, இயற்பியல் 45. சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும். தேர்வு முகமை ஓஎம்ஆர் தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் தருகிறது. இரண்டையும் அருகருகே வைத்து எண்ணச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது.

உயிரியலில் 60 சரி, 26 தவறு, 214 மதிப்பெண். வேதியியலில் 23 சரி, 20 தவறு, 72. இயற்பியலில் 14 சரி, 24 தவறு, 7 தொடவேயில்லை, 32. உயிரியலைப் புத்தகத்தை வரிவரியாகத் திரும்பப் படித்தே ஏற்றிவிடலாம், அதற்கு ஊர் எதுவானால் என்ன. இயற்பியல் அப்படி இல்லை. அந்த 24-ஐயும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதிக்கு மேல் அவளுக்குச் சூத்திரம் தெரிந்திருந்தது, கணக்கை அமைக்கத்தான் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து 'இந்த விசையை ஏன் இந்தப் பக்கம் போட்டாய்' என்று ஒருவர் கேட்டால் திருந்தும் தவறுகள் அவை. ஆக, அவளுக்குத் தேவை தினமும் சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர்.

கோட்டாவில் அது கிடைக்குமா? 1980-களில் அங்கே ஜே.கே. சின்தெடிக்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்த வி.கே. பன்சால் வீட்டில் பாடம் சொல்லித்தரத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஊர் அது. திறமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பு பெரும்பாலும் இந்தி கலந்த ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்வழியில் படித்த பெண், ஆசிரியர் சொல்வதை மனதுக்குள் மொழிபெயர்ப்பதற்குள் அவர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். சந்தேகம் கேட்கவும் வாய் வராது. அதோடு, இப்படிப்பட்ட ஊர்களில் பேட்ச் மதிப்பெண்படி பிரிகிறது. விளம்பரத்தில் படம் போட்ட நட்சத்திர ஆசிரியர் முதல் பேட்ச்சுக்குப் போவார். 318-ஓடு சேர்பவளுக்கு யார் வருவார் என்பதுதான் கேள்வி. இது நாமக்கல்லுக்கும் சென்னைக்கும்கூடப் பொருந்தும்.

"அப்ப வேலூர்லயே ஒரு சென்டர்ல போட்டுடவா? தினம் பஸ்ல வந்து போவா" என்றார் அப்பா.

வீட்டைப் பற்றிக் கேட்டேன். ஒரே கூடம், அதில் இரண்டு தறி. காலை ஏழு மணிக்குச் சத்தம் ஆரம்பித்தால் இரவு வரை. பாவு சுற்ற ஆள் வராத நாளில் பெரியவள்தான் உதவி. போன வருடமும் அப்படித்தான் படித்திருக்கிறாள். பஸ்ஸில் போக வர இரண்டரை மணி நேரம் வேறு. இந்தப் பெண்ணுக்கு விடுதி வேண்டும் என்று அப்போதுதான் முடிவுக்கு வந்தேன். ஊர் மாறுவதால் அவளுக்குக் கிடைக்கப்போவது இடைஞ்சல் இல்லாத பத்து மாதம். அதற்கு நாமக்கல் போதும். சேலம் வழியாக அரை நாளில் போய்ச் சேரலாம். காய்ச்சல் என்றால் அம்மா அன்று மாலையே பக்கத்தில் இருப்பார். கோட்டா என்றால் ரயிலிலேயே ஒரு நாளுக்கு மேல்.

பணம் கட்டுமுன் நேரில் போய் மூன்று விஷயம் பார்த்துவரச் சொன்னேன். போன வருட ரிப்பீட்டர் பேட்ச்சில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் அரசு எம்பிபிஎஸ் எத்தனை பேர்? ஃபிளெக்ஸில் இருக்கும் முகங்களை எண்ணுவதில் பயனில்லை. டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதியவர்கள் படமும் அதில் இருக்கும். அடுத்தது, இவள் சேரப்போகும் பேட்ச்சின் கால அட்டவணையைக் கையில் வாங்கிப் பாருங்கள். இயற்பியல் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சந்தேக நேரத்தில் உட்காரும் ஆசிரியர் யார், அவரிடம் எத்தனை பிள்ளைகள். முடிந்தால் அந்த நேரத்தில் போய் வாசலில் நின்று பாருங்கள். வரிசை நீளமாக இருந்தால் பரவாயில்லை. ஆளே இல்லாமல் காலியாக இருந்தால்தான் கவலை. பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது பணம். பாதியில் விலகினால் மீதி நாட்களுக்கான கட்டணத்தையும், விடுதிக் கட்டணத்தையும் பத்து நாளுக்குள் திருப்பித்தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்களுக்குச் சொன்ன வழிகாட்டுதல்தான் அது. அதை மட்டும் நம்பி முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டிவிடக் கூடாது. திருப்பித்தரும் விதியை ரசீதிலோ சேர்க்கைப் படிவத்திலோ எழுதி வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கும் இடத்தில் முதல் தவணைக்கு மேல் கட்டாதீர்கள்.

அவர் இரண்டு இடங்கள் பார்த்தார். பெரிய கட்டடம் இருந்த இடத்தில் பேட்ச் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அடுத்த இடத்தில் சொன்னார்கள், அந்த எண் அவ்வளவு பெருமைப்படும்படி இல்லை. ஆனால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் இயற்பியல் ஆசிரியர் உட்காருகிறார் என்றதும் அங்கேயே சேர்த்துவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் பெரியவள் முழுத் தேர்வு ஒன்று எழுதிவிட்டு எனக்குப் போன் செய்தாள். மொத்த மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. "மேடம், ஃபிசிக்ஸ் மட்டும் சொல்றேன். 21 சரி, 11 தவறு, 13 விட்டுட்டேன்" என்றாள். 73 வருகிறது. விட்ட 13-ல் எத்தனை இன்னும் நடத்தாத பாடம் என்று கேட்டேன். ஒன்பது என்றாள்.