கர்ப்பிணிக்கு வீசிங்: பம்ப் ஆகாது, கடை மாத்திரை ஆகுமா?

"எனக்கு 27 வயது, இப்போது 5-ம் மாதம். சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பியூடெசோனைட் 200 பம்ப் காலையும் இரவும் அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டீராய்டு குழந்தைக்கு ஆகாது என்று அத்தை சொன்னதால் 2-ம் மாதமே விட்டுவிட்டேன். நீல பம்ப் மட்டும் அடிக்கிறேன், மாதம் ஒன்று காலியாகிறது. ராத்திரியில் இருமித் தூக்கமே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரையை 4 நாள் சாப்பிட்டேன், நன்றாகக் கேட்டது. அதையே தொடரலாமா டாக்டர்?" - ஒரு வாசகி, திண்டுக்கல்

தொடராதீர்கள் அம்மா. நீங்கள் விட்ட பம்ப்தான் உங்களுக்கு வேண்டிய மருந்து. அதை இன்றிரவே பழைய அளவில் ஆரம்பித்துவிட்டு, இந்த வாரத்துக்குள் ஒரு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் அந்தக் கவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் கர்ப்பிணிகள் பையிலிருந்து எடுத்துக் காட்டும் கவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மாத்திரை ஒன்று, தேவையே இல்லாத ஆன்டிபயாடிக் ஒன்று, அப்புறம் பொடியாக ஒரு வெள்ளை மாத்திரை. அந்த வெள்ளை மாத்திரை டெக்ஸாமெத்தசோனாகவோ பீட்டாமெத்தசோனாகவோ இருக்கும். இரண்டுமே ஸ்டீராய்டு. உங்களுக்கு 4 நாளில் கேட்டது என்றால் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஸ்டீராய்டுக்குப் பயந்து பம்பை விட்டீர்கள். அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டு பெயர் தெரியாமல் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பம்பில் வரும் பியூடெசோனைட் ஒரு தடவைக்கு 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போய் வேலை செய்கிறது. ரத்தத்தில் கலப்பது கொஞ்சம், குழந்தையிடம் போவது அதிலும் கொஞ்சம். கர்ப்பிணிகளிடம் அதிகமாகக் கவனிக்கப்பட்ட ஸ்டீராய்டு பம்பும் இதுதான். ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான பிறப்புப் பதிவுகளைப் பார்த்தும் பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை. கடுமையான இழுப்பு வந்தால் நாங்கள் சில நாள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையையும் நஞ்சுக்கொடி பெரும்பகுதி செயலிழக்க வைத்துவிடுகிறது. ஆனால் டெக்ஸாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் நஞ்சுக்கொடியைத் தாண்டி அப்படியே குழந்தையிடம் போகும். தேர்ந்தெடுத்துக் கொடுத்தது போல, கொடுக்கக் கூடாத ஸ்டீராய்டையே கடைக்காரர் கொடுத்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் பயந்துவிடக் கூடாது, அதனால் ஒரு விதிவிலக்கை விளக்கமாகவே சொல்கிறேன். 9 மாதம் முடியும் முன்பே பிரசவமாகிவிடும் போலிருந்தால், மகப்பேறு மருத்துவர் இதே பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாமெத்தசோனை ஊசியாகப் போடுவார். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர வேண்டும் என்பதற்காக, அது குழந்தையைச் சென்றடைய வேண்டும் என்று தெரிந்தேதான் போடுகிறார். ஓரிரு நாளில் முடிந்துவிடும் அந்த ஊசி, குறைமாதக் குழந்தையின் உயிரைக் காக்கிறது. "ஆஸ்துமா டாக்டர் இந்த மருந்து வேண்டாம் என்றார்" என்று சொல்லி அதை மறுத்துவிடாதீர்கள். இழுப்புக்காகத் தினம் விழுங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

4 நாள் சாப்பிட்டதற்காகக் கலங்க வேண்டாம், நிறுத்தினால் போதும். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் உடம்பு தளர்ந்து ஆபத்தாகும், மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். மிச்ச மாத்திரையைத் தூக்கிப் போடாமல் கவரோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? "ஆஸ்துமாவை வேரோடு அறுக்கும்" என்று பெயரும் முகவரியும் இல்லாமல் பொட்டலத்தில் விற்கிறார்களே, அந்தப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. அவற்றையும் தொடாதீர்கள்.

சரி, பம்ப் இல்லாமல் சமாளித்தால் என்ன என்று கேட்பீர்கள். குழந்தைக்கு வரும் ஆக்சிஜன் முழுக்க உங்கள் மூச்சிலிருந்துதான். ராத்திரி முழுக்க நீங்கள் இழுத்துக்கொண்டு கிடந்தால் அதற்கும் குறைகிறது. இப்படியே மாதக்கணக்கில் போனால் எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம், தாய்க்கு ரத்த அழுத்தக் கோளாறு என்று ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஆஸ்துமா மோசமாகும், ஒரு பங்கினருக்குக் குறையும், மீதிப் பேருக்கு மாறாது. மோசமாகிறவர்களுக்கு 6-ம் மாதத்திலிருந்துதான் அதிகத் தொந்தரவு. நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள்.

நீல பம்பில் இருப்பது சால்புடமால். கர்ப்பத்தில் பாதுகாப்பானது, தேவைப்படும்போது தயங்காமல் அடிக்கலாம். ஆனால் வழக்கமாக அதில் 200 அடி இருக்கும். மாதத்தில் காலியாகிறது என்றால் தினமும் 6, 7 அடி. அது மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்தை ஆற்றுவது பியூடெசோனைட். அது மட்டும் போதாவிட்டால் ஃபோர்மொட்டெரால் சேர்ந்த பம்பாக மாற்றுவார்கள். அதையும் கர்ப்பத்தில் தரலாம். ஏற்கெனவே மான்டெலுகாஸ்ட் மாத்திரையால் நன்றாக இருப்பவர்கள் அதைத் தொடரலாம்.

மருந்து சரியாக இருந்தும் கேட்காமல் போவதற்கு முக்கியக் காரணம் அடிக்கும் முறை. பம்பைக் குலுக்கி, மருந்தைத் தேக்கி மூச்சோடு இழுக்க உதவும் குடுவையான ஸ்பேசரில் பொருத்துங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, ஒரே ஒரு அடி அடித்து, ஸ்பேசர் வழியாக நிதானமாக 5 தடவை மூச்சு விட்டு வாங்குங்கள். இரண்டாவது அடி வேண்டுமென்றால் மறுபடி குலுக்கிவிட்டுத்தான். பியூடெசோனைட் அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். இதைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்க 5 நிமிடம் போதும். அந்த 5 நிமிடம் எந்த ஓபியிலும் கிடைப்பதில்லை. மகப்பேறு மருத்துவர் நுரையீரல் மருத்துவரைப் பார் என்பார், இவர் "நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களே" என்று அங்கேயே திருப்பி அனுப்புவார். நடுவில் நிற்பவர் கடைசியில் மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போகிறார். நீங்களே பம்பைக் கொண்டுபோய், "அடித்துக் காட்டுகிறேன், சரியா பாருங்கள்" என்று கேளுங்கள்.

இழுப்பு அதிகமானால் நீல பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 அடி அடித்து, கிளம்பத் தயாராகிக்கொண்டே 20 நிமிடம் பாருங்கள். அடங்காவிட்டால் மறுபடி 4 அடி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி 95-க்குக் கீழே காட்டுகிறது, குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த 20 நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

பிரசவத்துக்குச் சேரும்போது ஆஸ்துமா இருப்பதை வார்டில் சொல்வதோடு நிற்காமல் பிரசவ அறையிலும் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் கார்போப்ராஸ்ட் ஊசி ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். ஆக்சிடோசின் போடலாம். பம்ப் இரண்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் இரண்டையும் அடிக்கலாம்.