தலை முதல் கால் வரை: ஸ்கில்ஸ் லேபில் முதல் முறை பரிசோதிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கவிதா, நர்சிங் இரண்டாம் செமஸ்டர்: மேடம், செக்லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போறேன். ஆனா பெட் பக்கத்துல நின்னதும் நடுவுல எதையாவது விட்டுடுறேன். பெரும்பாலும் முதுகு விட்டுப்போகுது. எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

உறுப்புகளின் பெயரை வரிசையாக மனப்பாடம் செய்தால் அப்படித்தான் ஆகும். படுத்திருப்பவரை எழுப்பி உட்கார வைக்கத் தோன்றாததால்தான் முதுகு விடுபடுகிறது. பேஷன்ட் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை வைத்து வரிசையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் உங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்: கை, நகம், தலை, கண், காது, மூக்கு, வாய், கழுத்து. நீங்கள் பின்னால் போகிறீர்கள்: முதுகுத் தோல், முதுகெலும்பு, பின்பக்க நுரையீரல். திரும்ப முன்னால் வந்து முன்பக்க நுரையீரல். படுக்க வைத்தபின் இதயம், வயிறு, கால்கள். கடைசியாக எழுந்து நாலடி நடக்கச் சொன்னால் நடையும் சமநிலையும் தெரிந்துவிடும். அவரை ஒருமுறை படுக்க வைத்து ஒருமுறை எழுப்பினால் போதும்.

தொடங்கும் முன் கை கழுவுவது, பெயரைக் கேட்டு அடையாளப் பட்டையோடு ஒப்பிடுவது, ஸ்கிரீன் இழுப்பது ஆகியவை எல்லாச் செக்லிஸ்ட்டிலும் இருக்கும். அவற்றோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "எங்கேயாவது வலி இருக்கா?", "பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களா?" வலிக்கும் இடத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அடிவயிற்றில் அழுத்தும்போது அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் ஏதோ கட்டி இருப்பதுபோலத் தெரியும்.

மணிக்கட்டில் பல்ஸ் எண்ணி முடித்ததும் கையை விடாமல் அப்படியே மூச்சையும் எண்ணிவிடுங்கள். எண்ணப்போவதாகச் சொன்னால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு.

ராஜேந்திரன்: எங்க அப்பாவுக்கு 62 வயசு. ஹெட் டு டோ செக்கப் பண்ணணும்னு சொல்றாங்க. எந்த லேப்ல பண்ணலாம், எவ்வளவு செலவாகும்?

ஐயா, இங்கே பேசுவது ரத்தப் பரிசோதனை லேப் பற்றி அல்ல. நர்சிங் மாணவர்கள் ஒருவரையொருவர் பரிசோதித்துப் பழகும் அறை இது. அப்பாவை முதலில் ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தெந்த டெஸ்ட் தேவை என்று அவர் பார்த்துச் சொல்வார்.

முத்துக்குமார்: ஃப்ரெண்டு கண்ணுல டார்ச் அடிச்சா கண்பாப்பா அசையவே மாட்டேங்குது. அவனுக்கு ஏதாவது பிரச்னை இருக்குமா?

அவனைப் பயமுறுத்துவதற்கு முன் அறையின் விளக்கைப் பாருங்கள் தம்பி. டியூப்லைட் எல்லாம் எரியும்போது கண்மணி ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அதற்குமேல் சுருங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. விளக்கை அணையுங்கள், அல்லது ஜன்னல் திரையை மூடுங்கள். எதிர்ச்சுவரில் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவாருங்கள். நேராக முன்னால் நீட்டினால் அவன் டார்ச்சையே பார்ப்பான். கிட்டத்தில் உள்ள பொருளைப் பார்த்தாலே கண்மணி சுருங்கும் என்பதால், வெளிச்சத்துக்குச் சுருங்கியதா பார்வைக்குச் சுருங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு கண்ணில் இரண்டு முறை வெளிச்சம் காட்ட வேண்டும். முதல் முறை அதே கண்ணையும், இரண்டாம் முறை மற்றக் கண்ணையும் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்து சுருங்குவதே இயல்பு.

ஷாலினி: இதயத்துக்கு ஐந்தாவது இடைவெளின்னு புத்தகத்துல இருக்கு. காலர் எலும்புக்குக் கீழே இருந்து எண்ணிக்கிட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல போய் நிக்குது.

முதல் விலா எலும்பு காலர் எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலுக்குச் சரியாகச் சிக்காது. அங்கிருந்து எண்ணினால் பெரும்பாலும் ஒன்று கூடவோ குறையவோ செய்யும். தொண்டைக்குக் கீழே உள்ள குழியில் விரலை வைத்து மார்பெலும்பின் மேலேயே கீழே இறக்குங்கள். ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் நீங்கள் நிற்பது இரண்டாவது விலா எலும்பில். அதற்குக் கீழே உள்ள பள்ளம்தான் இரண்டாவது இடைவெளி.

அந்த இடைவெளியில் மார்பெலும்பின் வலது ஓரம் அயோர்ட்டிக், இடது ஓரம் பல்மனரி. இடது ஓரமாகவே இறங்கினால் நான்காவது இடைவெளியில் டிரைகஸ்பிட். இன்னும் ஒன்று இறங்கி, காலர் எலும்பின் நடுவிலிருந்து நேர்கோடு போட்டால் வரும் இடத்தில் மைட்ரல். முலைக்காம்பை அடையாளமாக வைக்காதீர்கள், பெண்களுக்கு அது இடம் மாறும். மார்பகத்தை அவரையே சற்று உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

"லப்" மைட்ரலில் உரக்கக் கேட்கும், "டப்" மேலே இரண்டாவது இடைவெளியில் உரக்கக் கேட்கும். எது லப், எது டப் என்று குழம்பினால் ஒரு விரலைக் கழுத்து நாடியில் வையுங்கள். நாடித் துடிப்போடு சேர்ந்து வருவது லப். ஒரு பக்கக் கழுத்தை மட்டுமே தொடுங்கள். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரலாம்.

பிரகாஷ்: நான் மாவட்ட அளவுல ஓட்டப்பந்தயம் ஓடுறவன். லேப்ல என் பல்ஸ் 54 வருது. மூச்சை இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் இருக்காம். எல்லாரும் ஹார்ட் டாக்டரைப் பாருன்னு சொல்றாங்க.

60 முதல் 100 என்பது பொதுவான எல்லை. தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு 60க்குக் கீழே இருப்பது அதிசயம் இல்லை. மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதும் இளைஞர்களிடம் சாதாரணமாகக் காண்பதுதான். மூச்சைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னால் சீராகிவிடும். தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு படபடப்பு இருந்தாலோ, மூச்சோடு சம்பந்தமில்லாமல் துடிப்பு தாவினாலோ ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். உங்களைப் பரிசோதிப்பவர் 54 என்றே எழுத வேண்டும். 60 என்று "சரிசெய்து" எழுதுவதுதான் தவறு. சீராக இல்லாத துடிப்பை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்காமல், முழு நிமிடமும் எண்ணுங்கள்.

நந்தினி: வயித்துல முதல்ல கேட்கணும், அப்புறம்தான் தொடணும்னு சொல்றாங்க. தொட்டா குடல் சத்தம் மாறிடும்னு காரணம். எங்க சீனியர், அதெல்லாம் சும்மா, எந்த வரிசையில பண்ணாலும் ஒண்ணுதான்னு சொல்றாங்க.

சீனியர் சொல்வதில் பாதி சரி. தொட்டால் குடல் ஓசை உண்மையிலேயே எவ்வளவு மாறுகிறது என்பதில் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் வரிசையை மாற்றாமல் இருக்க இன்னொரு காரணம் இருக்கிறது. முதலிலேயே அழுத்தி வலிக்க வைத்துவிட்டால் வயிறு இறுகிவிடும், அதன்பின் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் பார், கேள், தட்டு, தொடு. உடம்பின் மற்ற இடங்களில் பார், தொடு, தட்டு, கேள். தேர்விலும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

கேட்பதை வலது அடிவயிற்றில் தொடங்குங்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் என்பதால் அங்கே ஓசை எளிதில் கிடைக்கும். நிமிடத்துக்கு 5 முதல் 30 வரை களகள ஓசை இயல்பு. பத்து விநாடி கேட்டுவிட்டு "ஓசை இல்லை" என்று எழுதக் கூடாது. இல்லை என்று எழுத 5 நிமிடம் கேட்டிருக்க வேண்டும்.

தொடும்போது முழங்காலை மடக்கச் சொல்லுங்கள், வயிற்றுத் தசை தளரும். கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு விரல்களைத் தட்டையாக வைத்து, முதல் சுற்றில் 1 சென்டிமீட்டருக்கு மேல் அழுத்தாதீர்கள். தோழிக்குக் கூச்சம் வந்து சிரித்தால் அவள் கையை வயிற்றின்மேல் வைத்து, அதன்மேல் உங்கள் கையை வைத்து அழுத்துங்கள். தன் கையே தொடுவதால் கூச்சம் அடங்கும். தொடும்போது வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். வலித்தால் வாய் சொல்வதற்கு முன் புருவம் சொல்லிவிடும்.

அருண்: நுரையீரல்ல நொறநொறன்னு சத்தம் கேக்குது. கிராக்கிள்ஸ்னு எழுதலாமா?

ஸ்டெதாஸ்கோப் சட்டைமேல் இருந்ததா, தோல்மேலா? துணி உரசினாலும் மார்பு முடி உரசினாலும் அதே ஓசைதான் வரும். தோலின்மேல் அழுத்தி வைத்துத் திரும்பக் கேளுங்கள். முடி இருந்தால் சற்று ஈரப்படுத்திக்கொள்ளலாம். வாயைத் திறந்து மூச்சுவிடச் சொல்லி, வலதும் இடதும் மாற்றி மாற்றி ஏணிப்படிபோல இறங்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் ஒப்பிட முடியாது. இரண்டு மூன்று ஆழ்ந்த மூச்சுக்குப் பின் ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் தலைசுற்றும்.

மரியா: அக்கா, காலில் மேல்பாத நாடி எனக்குக் கிடைக்கவே இல்ல. அவளுக்கு மருதாணி வேற, நகத்தை அழுத்தினா நிறம் மாறுறதும் தெரியல.

பெருவிரலை மேலே தூக்கச் சொல்லம்மா. பாதத்தின்மேல் ஒரு தசைநாண் புடைக்கும், அதற்குச் சுண்டுவிரல் பக்கமாகத்தான் நாடி இருக்கும். விரலை அழுத்தாமல் சும்மா வை, அழுத்தினால் நாடியே நின்றுபோகும். சிலருக்குப் பிறவியிலேயே அது தொட்டால் தெரியாது. உள்கணுக்காலுக்குப் பின்னால் உள்ள நாடி கிடைத்து, பாதம் சூடாகவும் நல்ல நிறமாகவும் இருந்தால் பயப்படாதே. ஆனால் கிடைக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும்.

மருதாணி போட்ட நகத்தை விட்டுவிட்டு விரல் நுனியின் சதையை அழுத்திப் பார். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். சில புத்தகங்கள் 3 விநாடி என்கின்றன, உங்கள் செக்லிஸ்ட்டில் உள்ளதைப் பின்பற்று. நாடியின் வலுவும் அப்படித்தான். சிலர் 3 வரை, சிலர் 4 வரை அளவு வைத்திருக்கிறார்கள். எழுதும்போது எந்த அளவு என்பதையும் சேர்த்து எழுது.

தேவி: கடைசியில "எல்லாம் நார்மல்"னு எழுதினா மேடம் சிவப்பு மையால வட்டம் போடுறாங்க. வேற என்னதான் எழுதுறது?

பார்த்ததை எழுதுங்கள். "நார்மல்" என்பது உங்கள் முடிவு, நீங்கள் பார்த்தது அதில் இல்லை. 19 வயதுத் தோழி ஒருத்தியைப் பரிசோதித்தால் இப்படி எழுதலாம்:

விழிப்புடன் இருக்கிறார், பெயர், இடம், நாள் சரியாகச் சொல்கிறார். வெப்பநிலை 98.4 டிகிரி ஃபாரன்ஹீட், பல்ஸ் 76, சீரானது, மூச்சு 16, பி.பி. 110/70. கண்மணிகள் 3 மி.மீ., சமம், வட்டம், வெளிச்சத்துக்கு விரைவாகச் சுருங்குகின்றன. கீழிமை உட்பகுதி இளஞ்சிவப்பு. மூச்சுக்குழல் கழுத்தின் நடுவில். இரு நுரையீரலிலும் காற்றோசை சமம், கூடுதல் ஓசை இல்லை. லப், டப் தெளிவு. வயிறு தட்டை, மென்மை, நான்கு பகுதியிலும் குடல் ஓசை உண்டு, தொட்டால் வலி இல்லை. கைகால் வலு இருபுறமும் 5/5. கால் வீக்கம் இல்லை. மேல்பாத நாடி இருபுறமும் 2+, அளவு 0 முதல் 4. வலது முழங்காலில் 2 சென்டிமீட்டர் பழைய தழும்பு.

தேவி: தழும்பும் எழுதணுமா மேடம்?

எழுதணும். நாளை இன்னொருவர் பார்க்கும்போது, அது இன்று இருந்ததா புதிதாக வந்ததா என்ற கேள்வி வரும்.