ஜன்னல் கிரில்லுக்கு ஆங்கர் போல்ட் போடும்போது துளைகள் ஏன் நேராக வருவதில்லை?

"கிரில்லை அளந்து, சுவரில் நாலு துளையும் போட்டுவிட்டேன். இரண்டு போல்ட்தான் நுழைகிறது. ஏன்?"

ஆங்கர் போல்ட் என்பது உலோக உறை போட்ட போல்ட். நட்டை முறுக்கினால் போல்ட்டின் கூம்பு முனை உறைக்குள் ஏறி அதை விரிக்கும். உறை துளையின் சுவரை அழுத்திப் பிடிக்கும். நனைந்த மர ஆப்பு உப்பி இறுகுவதைப் போல.

டிரில் பிட் கான்கிரீட்டில் ஒரு கல்லைத் தொட்டாலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகிவிடும். அதனால் நாலையும் முன்கூட்டியே போடக் கூடாது. மேல் மூலையில் ஒன்றை மட்டும் போட்டு, கிரில்லைத் தளர்வாக மாட்டி, மட்டம் பாருங்கள். அப்புறம் எதிர் மூலையை கிரில் துளை வழியாகவே குறித்துத் துளையுங்கள். மற்ற இரண்டும் அப்படியே. எல்லாம் நுழைந்த பிறகுதான் இறுக்க வேண்டும்.

பிட் அளவு ஆங்கர் பாக்கெட்டில் உள்ளபடியே இருக்கட்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுங்கள். தூள் இருந்தால் உறைக்குப் பிடி கிடைக்காது. நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் துளை பெரிதாகிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

எவ்வளவு இறுக்கினாலும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள்; சுவர் விளிம்புக்கு அருகில் அளவுக்கு மீறி இறுக்கினால், விரியும் உறையே அந்த விளிம்பைப் பிளந்துவிடும்.