கேட்லாக்கின் முதல் பக்கத்தில் எது முதலில் வர வேண்டும்?

கேள்வி: மெழுகுவர்த்தி தயாரித்து மொத்தமாக விற்கிறோம். கேட்லாக் முன்னுரையில் முதலில் மணங்கள், மெழுகின் தரம், செய்முறை பற்றி எழுதி, கடைசியில் 'குறைந்தபட்ச ஆர்டர் 50, டெலிவரி 7 நாள், 30 நாள் கடன்' என்று போட்டிருக்கிறோம். பத்துப் பதினைந்து கேட்டு வருபவர்களே அதிகம். வரிசையை மாற்றினால் போதுமா?

பதில்: மாற்றுங்கள். ஆனால் அந்தக் கடைசி வரியை அப்படியே மேலே தூக்கி வைத்தால் சண்டைதான் சீக்கிரம் வரும். அதிலுள்ள மூன்று எண்களும் அரைகுறையாக நிற்கின்றன.

50 என்பது ஒரே மணத்தில் 50-ஆ, எல்லாம் கலந்து 50-ஆ? உங்கள் பெட்டியில் 24 அடங்குகிறது என்றால் 50 கேட்பவருக்கு இரண்டு பெட்டி போக இரண்டு மெழுகுவர்த்தி உதிரியாக நிற்கும். அதற்குத் தனிப் பொட்டலம், கூடுதல் உடைசல். எனவே 48 என்று வையுங்கள். பெட்டியின் மடங்கில் இல்லாத குறைந்தபட்ச அளவு பொட்டலம் கட்டும் இடத்தில் தினமும் தொல்லை.

'7 நாள்' எந்த நாளிலிருந்து? ஆர்டர் சொன்ன நாளா, முன்பணம் வந்த நாளா? சரக்கு உங்களிடமிருந்து கிளம்புவதா, கடைக்குப் போய்ச் சேர்வதா? வண்டி வாடகை யார் பொறுப்பு என்பதும் இங்கேயே வர வேண்டும். அதைச் சேர்த்துப் பார்த்துத்தான் கடைக்காரர் லாபத்தைக் கணக்கிடுவார்.

அதிகம் கசப்பு வருவது கடன் நாளில். சரக்கு கிளம்பும் நாளில் பில் போட்டு, வழியில் 5 நாள் ஆனால், உங்கள் கணக்கில் 30 நாள். சரக்கைக் கையில் வாங்கியவர் கணக்கில் 25 நாள்தான். எந்தத் தேதி என்று எழுதிவிட்டால் பேச்சே எழாது. புதியவருக்கு முதல் ஆர்டரிலேயே கடன் கொடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்னுரையின் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"குறைந்தபட்ச ஆர்டர் 48 (24 கொண்ட 2 பெட்டி). ஒரு பெட்டியில் 2 மணம் வரை, தலா 12 வீதம் கலக்கலாம். முன்பணம் கிடைத்த 7 வேலை நாளில் சரக்கு கிளம்பும். வண்டி வாடகை வாங்குபவருடையது. உடைசல் இருந்தால் சரக்கு வந்த 3 நாளுக்குள் படத்துடன் தெரிவிக்கவும். முதல் இரண்டு ஆர்டருக்குப் பாதி முன்பணம், மீதி சரக்கு கிளம்புமுன். மூன்றாவதிலிருந்து பில் தேதியிலிருந்து 30 நாள் கடன்."

இதன் கீழே பொருள் விவரம் வரட்டும். அதிலும் குறியீட்டு எண், எடை, எத்தனை மணி நேரம் எரியும் என்பவை முன்னே. மணத்தின் வருணனை பின்னே.

பழைய நிபந்தனை வரியைக் கடைசிப் பக்கத்திலும் ஆர்டர் படிவத்திலும் தேடி நீக்கிவிடுங்கள். ஒரு இடத்தில் 48, இன்னொரு இடத்தில் 50 என்றிருந்தால் வாங்குபவர் தனக்குச் சாதகமானதைத்தான் காட்டுவார். கேட்லாக்கின் நடுப்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புபவர்களும் உண்டு என்பதால், ஒவ்வொரு பக்க அடியிலும் 'குறைந்தபட்சம் 48. நிபந்தனைகள் பக்கம் 1' என்று சிறிய எழுத்தில் போடுங்கள்.